வெள்ளைக்குள் இருந்த பேர்

பிரஸ் அண்ணனின் வலது கையை அவருடைய மெஷினிலேயே வைத்து அழுத்தினார்கள். நான் எட்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் அழுத்தியதற்குக் காரணம் நான் செய்த ஒரு பிஎன்ஜி, பின்னணி இல்லாத கம்ப்யூட்டர் படம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதுவரை இதை யாரிடம் சொன்னாலும் சுற்றி வளைத்து, கடைசியில் என்னை நல்லவளாக்கிக்கொண்டுதான் முடித்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு டி-ஷர்ட் பிரிண்டிங் கடையில் நான் டிசைனர். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. கடையில் மூன்று பேர். முன்னால் முதலாளி, நடு அறையில் கம்ப்யூட்டரோடு நான், பின்னால் ஷெட்டில், ஃபிலிமில் அச்சடித்த படத்தைச் சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டும் ஹீட் பிரஸ் மெஷினோடு அண்ணன். அவர் விழுப்புரம் பக்கத்து ஆள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களிடம் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பேசுவது குறைவு. கேட்க வேண்டியதை மட்டும் கேட்பார். நான் அதற்கு நேர்மாறு. எனக்கு வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறது என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அரியாங்குப்பம் பக்கத்து நகர் ஒன்றில் ஒரு கபடி கிளப் இருந்தது. அதன் தலைவர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. வருஷா வருஷம் போட்டி நடத்துவார்; ஜெர்சி, பேனர், கோப்பையில் ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாம் எங்களிடம்தான். கிளப்பின் லோகோ ஒரு செம்பருந்து. செங்காவி உடம்பு, வெள்ளைத் தலை, விரித்த இறக்கை.

போன வருஷம் முதலாளி கணக்கில்லாமல் அவசரப்படுத்தி, அந்தப் பருந்தை ஒரு வெள்ளைக் கட்டத்தோடு சேர்த்தே ஜெர்சியில் போட்டுக் கொடுத்திருந்தார். கருநீலத் துணியில் நெஞ்சு நடுவே ஒரு வெள்ளைச் சதுரம், அதற்குள் பருந்து. எதிர் அணிக்காரர்கள் 'கட்டுப் போட்ட பருந்து' என்று கிண்டல் அடித்தார்களாம். தலைவருக்கு அது ஆறவே இல்லை.

"யம்மா, இந்த வாட்டி பின்னாடி வெள்ள இருக்கவே கூடாது. பருந்து மட்டும்தான் துணியில நிக்கணும்," என்று போனில் சொன்னார். "லோகோ பிடிஎஃப் அனுப்பறேன். எல்லா சைசுலயும் பண்ணிடு. நெஞ்சுக்கு, கைக்கு, லைவ்ல மூலையில போடறதுக்கு, எல்லாத்துக்கும்."

ஒரே ஒரு பக்கம் கொண்ட பிடிஎஃப் வந்தது. திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தில் பருந்து, கீழே கிளப் பெயர். அவ்வளவுதான்.

இந்த வேலையில் இரண்டு வழி உண்டு. படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் அழி என்று சொல்வது ஒன்று. சோம்பேறிகள் செய்வது. அப்படிச் செய்தால் பின்னணி போகும், கூடவே பருந்தின் வெள்ளைத் தலையும் போய்விடும். நீலத் துணியில் போட்டால் தலை இருக்கும் இடத்தில் நீலமாக ஓட்டை தெரியும். சரியான வழி வேறு. பிடிஎஃப்பில் தாளுக்கென்று ஒரு நிறம் கிடையாது. நாம் பார்க்கும் வெள்ளை, காட்டும் மென்பொருள் தானாக அடியில் விரித்து வைப்பது. அதை விரிக்காதே, வரைந்திருப்பதை மட்டும் எடு என்று சொல்லிவிட்டால் போதும். யாரோ வேண்டுமென்று வரைந்த வெள்ளை அப்படியே நிற்கும், தாளின் வெள்ளை மட்டும் ஒளிபுகும் வெறுமையாகிவிடும்.

நான் சரியான வழியில்தான் செய்தேன். கட்டளைகளைத் தானாக வரிசையாக ஓட்டும் ஒரு சின்ன பேட்ச் ஃபைல் எழுதி வைத்திருக்கிறேன்; அதில் பிடிஎஃப்பைக் கொடுத்தால் கேட்ட அளவிலெல்லாம் தனித்தனியாகப் படம் வரும். நெஞ்சுக்குப் பத்து அங்குலம், அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி, ஆக மூவாயிரம். கைக்கு மூன்று அங்குலம், தொள்ளாயிரம். ஸ்டிக்கருக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு. போட்டியின் நேரலைத் திரை மூலைக்கு நூற்றிருபத்தெட்டு. ஒரு பெரிய படத்தைச் செய்துவிட்டு அதையே சுருக்கியும் இழுத்தும் ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு அளவும் பிடிஎஃப்பிலிருந்து நேராக வந்தால்தான் ஓரம் கத்தியாக இருக்கும். அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு.

ஆனால் ஒன்று செய்யவில்லை. படம் வந்ததும் அடியில் ஒரு கறுப்புக் கட்டத்தைப் போட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருவேன். அன்றைக்கு தலைவர் மணிக்கொருதரம் போன் செய்து கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார். கோப்புறையில் வெள்ளைப் பின்னணியில் வரிசையாகப் பருந்துகள் தெரிந்தன. சரி என்று விட்டுவிட்டேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவில்லை, எரிச்சலில் இருந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

தலைவருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். போட்டோவாக அனுப்பினால் பின்னணி மறுபடி நிரம்பிவிடும் என்று டாக்குமெண்டாகவே அனுப்பினேன். திறந்து பார்த்திருந்தால் அவருடைய போனின் கறுப்புத் திரையில் எல்லாம் தெரிந்திருக்கும். அவர் கட்டை விரலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பகல். பின்னால் ஷெட்டிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "யம்மா, ஃபிலிம்ல பருந்துக்கு மேல வளைவா ஏதோ பேரு வந்துருக்குது. வெள்ள எழுத்து. துணி மேல வெச்சா தெரியுது. வேணுமா இது?"

அந்த நேரத்தில் நான் ஒரு கல்யாணப் பேனரில் மாப்பிள்ளையின் தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பக்கூட இல்லை.

"குடுத்ததத்தான அடிக்கறீங்க? லோகோவுல இருக்கறது இருக்கும். எல்லாத்தையும் நான் வந்து பாக்கணும்னா நீங்க எதுக்கு?" என்றேன்.

மெஷின் மூடும் சத்தமும், நேரம் முடிந்து அது கீச்சிடும் சத்தமும் சாயங்காலம் வரைக்கும் கேட்டன. முப்பத்தாறு ஜெர்சி. கீழ்ப்பாதி வெளியே தெரிகிற மாதிரி மடித்து, கவருக்குள் போட்டு, கட்டிக் கொடுத்தார்.

அது யாருடைய பேர் என்று இப்போது சொல்கிறேன். கிளப்பை ஆரம்பித்தவனின் பேர். நல்ல ஆட்டக்காரன். அவன் பிடித்தால் எதிராளியால் கோட்டைத் தொட முடியாது என்பார்கள். அந்த லோகோவில் முதலில் பருந்துக்கு மேலே அவன் பேர்தான் வளைவாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனைப் பட்டப்பகலில், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, வெட்டிக் கொன்றுவிட்டார்கள். வெட்டிய நான்கு பேரும் வெளியூர்க்காரர்கள். வழக்கு நடக்கிறது. சொல்லி அனுப்பியது யார் என்பதில்தான் நகர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பாதிப் பேர் தலைவரைக் கைகாட்டினார்கள். அதுவும் கண்ணால் மட்டும்.

அவனுடைய நினைவு நாளுக்கு வருஷா வருஷம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடுவதும் எங்கள் கடைதான். டிசைன் என்னுடையது. தேதி எனக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஜெர்சியைக் கடைசி நிமிஷத்தில்தான் கவர் பிரித்து மாட்டினார்களாம், யாரும் படித்துப் பார்க்கவில்லை. யாரோ எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். தலைவரின் அணி ஓடி வருகிறது. கூட்டம் கைதட்டுகிறது, பிறகு ஒரு மூலையில் கைதட்டல் நிற்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த செத்தவனின் தம்பி எழுந்து நிற்கிறான். பிறகு எதுவும் தெரியவில்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் பறக்கின்றன. ஒரு பையன் தரையில் கிடக்க மூன்று பேர் மிதிக்கிறார்கள். யாரோ ஒருவனின் உடம்பிலிருந்து ஜெர்சியைக் கிழிக்கிறார்கள், அவன் காது கிழிந்து ரத்தம் வழிகிறது. எடுத்தவன் ஓட ஆரம்பித்ததும் படம் மண்ணைக் காட்டிக்கொண்டு முடிகிறது.

ஒரே பேரை இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள். கொன்றுவிட்டு அவன் பேரையே நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஆடவும் வருகிறார்களே என்று தம்பியின் ஆட்கள். ஊர் முன்னால் தன்னைக் கொலைகாரன் என்று காட்டுவதற்காகத் தம்பியின் ஆட்கள் கடைக்காரனைப் பிடித்து வேலை செய்திருக்கிறார்கள் என்று தலைவர். அஞ்சலி போஸ்டர் போடும் கடையும் அதே கடை. சந்தேகப்பட அவருக்கு வேறு என்ன வேண்டும்?

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் வரவில்லை. வந்தவர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். முதலாளியின் கழுத்தைப் பிடித்து மேசையில் முகத்தை வைத்து அழுத்தினான் ஒருவன். இன்னொருவன் என் மானிட்டரைத் தூக்கித் தரையில் போட்டு மிதித்தான். என்னைத் தொடவில்லை. பொம்பளை என்று விட்டார்களா, கணக்கிலேயே சேர்க்கவில்லையா, தெரியாது.

"எவன்டா அந்தப் பேர ஒட்டனது?"

முதலாளியின் முகம் மேசையில் இருந்தது. அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். "பின்னாடி."

அண்ணன் தானே வெளியே வந்தார். கையில் ஒரு குழந்தை டி-ஷர்ட் இருந்தது. "நான்தான் பிரஸ் பண்ணேன். ஃபிலிம்ல இருந்துச்சு, வெச்சேன்," என்றார்.

"யார் வெக்கச் சொன்னது? எவ்ளோ குடுத்தானுங்க?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு முறைகூட என் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. "யாரும் எதுவும் குடுக்கல. ஃபிலிம்ல இருந்துச்சு," என்றே திரும்பச் சொன்னார்.

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு போகும் என் வாய் அன்று பூட்டிக்கொண்டது. எனக்குப் பயம். வேறு எந்த அழகான பேரும் அதற்கு வைக்க எனக்கு விருப்பமில்லை.

மெஷின் காலையிலிருந்தே சூட்டில் இருந்தது. நூற்று அறுபது டிகிரி. இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, ஒருவன் கையை விரித்து வைத்தான், ஒருவன் மேல்தட்டை இறக்கினான். அண்ணன் கத்தியது மனிதக் குரலாக இல்லை. மெஷினுக்கு அது கை என்று தெரியாதே. தட்டு மூடியதும் வழக்கம்போல் நேரத்தை எண்ணியது. பதினைந்து விநாடி வரும்முன் தூக்கிவிட்டார்கள் என்று பிறகு முதலாளி சொன்னார். நான் எண்ணவில்லை. வாசனையை மட்டும் நான் எழுதப்போவதில்லை.

போகும்போது ஒருவன் அண்ணனின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள காசு குடுத்தவன் பேரு சொல்லு. இல்லன்னா அந்தக் கையும் இருக்காது," என்றான்.

போலீஸ் வந்தது. முதலாளி மெஷினில் தவறிப்போய்க் கை மாட்டிக்கொண்டது என்று எழுதிக் கொடுத்தார். என்னிடம் கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். என் மானிட்டர் எப்படி உடைந்தது என்று அவர்களும் கேட்கவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அண்ணனின் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி கொடுத்தார். இதில் என் பங்கு அவருக்குத் தெரியாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். அண்ணன் மருந்து மயக்கத்தில் கிடந்தார். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. இரண்டு விரல்கள் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னாங்களாம்மா. இவரு யார் பேர சொல்லுவாரு? இவருக்கு இந்த ஊர்ல உங்க ரெண்டு பேரத் தவுர ஆரத் தெரியும்?" என்று அந்த அம்மா கேட்டார். பிறகு, "இருக்கற அந்தக் கையாவது வேணும்மா. அதுலதான் இனிமே சோறே சாப்பிடணும்," என்றார்.

அன்று சாயங்காலம்தான் பிடிஎஃப்பைத் திறந்தேன். என் வீட்டு லேப்டாப்பில். பக்கத்துக்கு அடியில் ஒரு நீலக் கட்டம் போட்டேன், ஒரு நொடி வேலை. பருந்தின் இறக்கைகளுக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வெள்ளையாக அவன் பேர் எழுந்து வந்தது. எழுத்துரு எனக்குத் தெரிந்தது. எழுத்துகளுக்கு இடையில் நான் விடும் இடைவெளி தெரிந்தது. இது என் வேலை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைவர் கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. "மேல இருக்கற பேர எடுத்துடும்மா" என்றார். நான் அழித்துப் பார்த்தேன். மேல் வளைவு போனதும் லோகோவின் உயரம் குறைந்து, அதை வைத்துச் செய்திருந்த லெட்டர்பேட், சான்றிதழ் எல்லாவற்றிலும் பருந்து மேலே ஏறி நின்றது. எல்லாவற்றையும் மறுபடி யார் ஒழுங்கு செய்வது? அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்து, எழுத்துக்கு வெள்ளை நிறம் கொடுத்தேன். பேர் மறைந்தது, அளவு மாறவில்லை. எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான் செய்வார்கள். வெள்ளைத் தாளில் யாருக்குத் தெரியப்போகிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பிடிஎஃப்பாக்கி அனுப்பினேன். அதற்கு முந்தின வருஷம் ஜெர்சியே வெள்ளை; போன வருஷம் எல்லோரும் கிண்டலடித்த அந்த வெள்ளைச் சதுரம்தான் அதை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த வருஷம் வெள்ளையை நான் எடுத்தேன், பேர் வெளியே வந்தது.

அப்படியென்றால் அண்ணனைக் காப்பாற்றுவது சுலபம். இது உங்கள் ஃபைல், உங்கள் போனிலிருந்து வந்தது, உள்ளே ஏற்கெனவே இருந்தது, யாரும் புதிதாகச் சேர்க்கவில்லை என்று காட்டிவிட்டால் முடிந்தது. காட்டுவதற்குத் தயாராக ஃபைலின் விவரங்களைத் திறந்தேன். வாட்ஸாப்பில் இறங்கியதால் வெளியே போன வாரத் தேதி இருந்தது. ஆனால் பிடிஎஃப்புக்கு உள்ளே அது உருவான தேதி தனியாகப் பதிந்திருக்கும். யார் யாருக்கு அனுப்பினாலும் மாறாது.

அந்தத் தேதியைப் பார்த்தேன். நான் வருஷா வருஷம் போஸ்டரில் அடிக்கும் தேதிக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

அவன் உயிரோடு இருக்கும்போதே பேரை எடுத்திருக்கிறோம். அதுவரைக்கும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், அவன் செத்த பிறகு, துக்கத்திலோ சங்கடத்திலோ எடுக்கச் சொன்னார் என்று. எத்தனையோ லோகோ, எத்தனையோ பேர். எனக்கு முன்பின் மறந்துபோயிருந்தது. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்ன இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இனிமே அந்தப் பேரு தேவப்படாதும்மா."

தேதியைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். படத்தை மட்டும் காட்டுவது, அண்ணனின் கையைக் கேட்டு வாங்குவது, வந்துவிடுவது. போலீசுக்குப் போகலாமே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. மெஷினில் தவறிப்போய்க் கை மாட்டியது என்பதற்குத் தலையை ஆட்டியவள் எந்த முகத்தோடு அங்கே போவது?

வியாழக்கிழமை மதியம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டிப் போனேன். தலைவர் வீட்டு வாசலில் சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்கைந்து ஆட்கள். திங்கட்கிழமை மானிட்டரை மிதித்தவனும் இருந்தான். தண்ணீர் வரும் நேரம்; தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். தலைவர் வாசல் படியில் உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

லேப்டாப்பை விரித்து அவர் முன்னால் வைத்தேன். வெள்ளைப் பக்கத்தைக் காட்டினேன். அடியில் நீலம் போட்டேன், பேர் வந்தது. நீலத்தை எடுத்தேன், போனது. மறுபடி போட்டேன். "இது நீங்க அனுப்பன ஃபைலு. முன்னாடி நீங்க எடுக்கச் சொன்னப்ப நான் வெள்ளையாக்கி வெச்சேன். அழிக்கல. தப்பு என்னுது. அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவர விட்டுடுங்க," என்றேன்.

அவர் மாங்கொட்டையைச் சூப்பிவிட்டு வீசினார். "உனக்கும் சேத்துக் குடுத்துட்டானுங்களா?" என்றார்.

"சத்தியமா இல்லிங்க. நீங்களே பாருங்க."

"பாத்தேன், பாத்தேன். கம்பூட்டர்ல இன்னா வேணா காட்டலாம்." வாயைத் துடைத்துக்கொண்டு தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "அந்தாளு இன்னொரு கையையும் கொண்டாரச் சொல்லு. அப்பறம் பேசலாம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் பாக்க அழகாயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தவர், நாற்காலி கொடுத்த அந்த அம்மா, எட்டடி தூரத்தில் ஊமையாக நின்ற நான், எல்லாம் ஒன்றாக வந்தது.

"நீங்க எப்ப எடுக்கச் சொன்னீங்கன்னு இதுல தேதி இருக்குது," என்றேன். கத்தவில்லை, ஆனால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "அவன் சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. உசுரோட இருக்கறவன் பேர எடுக்கச் சொல்லி, இனிமே தேவப்படாதுன்னு என்கிட்ட சொன்னீங்க."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தும் யாரும் நகர்த்தவில்லை. அந்த வரிசையில் செத்தவனின் மனைவி நின்றிருக்கிறாள். போஸ்டர் வேலைக்காகக் கடைக்கு வரும்போது பார்த்த முகம். அப்போதுதான் அவளைக் கண்டேன். அவள் என் அருகில் வந்தாள்.

"திரும்பச் சொல்லுக்கா," என்றாள்.

நான் சொன்னேன்.

தலைவர் எழுந்து வந்தது தெரியவில்லை. முதல் அடி காதோடு சேர்ந்து விழுந்தது. இரண்டாவதில் கீழே விழுந்து, படியின் விளிம்பில் வாய் மோதி, முன்பல் ஒன்று உடைந்தது. லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பிறகு என் விலாவில் உதைத்தார், ஒருமுறை, இன்னொருமுறை. அவருடைய மனைவிதான் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். உடைத்து என்ன பயன்? அந்த ஃபைல் அவர் போனிலேயே இருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு ஸ்கூட்டியைத் தேடியபோதே பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு இரும்புக் குழாய் வைத்திருந்தேன், பைக்குள். நான் என்ன கிழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. யாரும் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. தலைவரின் ஆட்கள் தலைவரைச் சுற்றியே நிற்க வேண்டியதாகிவிட்டது. அண்ணனின் இடது கையை யாரும் நினைக்கக்கூட இல்லை.

நான் அதைச் சொன்ன பத்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, டீக்கடைக்கு வெளியே, தலைவரை வெட்டினார்கள். கையில் ஆரம்பித்தார்கள் என்று சொன்னார்கள். அவரும் அங்கேயே செத்துப்போனார். அப்போதுதான் போலீஸ் அந்தப் பிடிஎஃப்பைக் கேட்டு என் வீட்டுக்கு வந்தது. போனிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எதைத் திறந்து எங்கே பார்க்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தேன். இப்போது அது இரண்டு கொலை வழக்கிலும் இருக்கிறது.

அன்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைவருக்கு நடந்ததில் எனக்கு வருத்தமில்லை என்று அண்ணனிடம் சொல்லத்தான் போனேன். அவன் செத்தது நியாயம் என்று வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினேன். அண்ணன் உட்கார்ந்திருந்தார். இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், பழகாத கை, பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளையாக்கியது நான், தேதியைச் சொன்னது நான், இன்று காலை வெட்டினார்கள் என்பது வரைக்கும்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அவருக்குப் புள்ளைங்க உண்டாம்மா?" என்றார்.

"ரெண்டு பொண்ணுங்கண்ணே."

அவர் தட்டை மனைவியிடம் தள்ளிவிட்டு, கோபமே இல்லாத குரலில், "நான் கூப்புட்டப்பவே நீ எழுந்து வந்து ஒரு தடவ பாத்துருக்கலாம்மா," என்றார்.